லோரியில் நின்ற அலமாரி

பள்ளிக்கூடம் இடம் மாறுவது எங்கள் ஜொகூர் மாநிலத்துத் தமிழ் மக்களுக்குப் புதிய செய்தி அன்று. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்ட காலத்திலும், பின்னர்த் தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிய காலத்திலும், தோட்டத்துப் பள்ளிகள் பல பட்டணத்தை நோக்கி நகர்ந்தன. அவ்வாறு நகரும்போது மேசை, நாற்காலி, கரும்பலகை, நூலக அலமாரி ஆகிய யாவும் தோட்டத்து லோரியிலேதான் ஏறிச் செல்லும்.

குளுவாங் வட்டாரத்தில் நாங்கள் அப்படி ஒரு பள்ளியின் பொருள்களை ஏற்றி அனுப்பிய நாளில் நிகழ்ந்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். நூலகத்து இரும்பு அலமாரியை லோரியின் தட்டில் நிமிர்த்தி வைத்தோம். முதல் நாள் பெய்த மழையால் தட்டுப் பலகை ஈரமாயிருந்தது. புத்தகங்கள் நனைந்துவிடுமே என்று அஞ்சி அவற்றையெல்லாம் அலமாரியின் மேல்தட்டுகளில் அடுக்கினோம். கீழ்த்தட்டுகள் காலியாயிருந்தன. கயிறு கட்டவில்லை. "இத்தனை கனமான பொருள் எங்கே விழப் போகிறது?" என்று நாங்களே சொன்னோம். அலமாரிக்குப் பின்னால், லோரியின் பின்தட்டியை ஒட்டி, உதவிக்கு வந்த தோட்டத் தொழிலாளர் இருவர் அமர்ந்து கொண்டனர்.

பள்ளித் திடலின் சமதரையில் லோரி நன்றாகவே சென்றது. தோட்டத்து வாயிலருகே ஒரு மேடு உண்டு. அங்கே ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, மீண்டும் எடுத்தார். அந்தக் கணத்தில் அலமாரியின் முன்புற அடி மெல்ல எழும்பியது. கண்டவர்கள் கூவுவதற்குள் அலமாரி பின்பக்கமாகச் சாய்ந்து பின்தட்டியின்மீது மோதி நின்றது. அமர்ந்திருந்த இருவரில் ஒருவர் காலை இழுத்துக் கொண்டதால் பிழைத்தார். ஒரு விநாடி தாமதித்திருந்தால் 120 கிலோ இரும்பும் புத்தகமும் அவர் முழங்கால்மீது விழுந்திருக்கும்.

ஓட்டுநர் முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டியவர். அவர் இறங்கி வந்து, "வாத்தியாரையா, நான் மெதுவாகத்தானே எடுத்தேன். திடலில் இதைவிட வேகமாக எடுத்தபோது அசையாத அலமாரி இங்கே எப்படி விழுந்தது?" என்று கேட்டார். "கொஞ்சம் பொறுங்கள் அண்ணே, கணக்குப் போட்டுச் சொல்கிறோம்" என்றோம். அவருக்குச் சொன்ன விடையே இக்கட்டுரை.

அலமாரி ஏன் பின்பக்கம் சாய்கிறது?

நின்று கொண்டிருக்கும் பேருந்து திடீரெனப் புறப்பட்டால் நாம் பின்னால் சாய்கிறோம். நம்மை யாரும் பின்னால் தள்ளவில்லை. பேருந்தின் தளம் நம் பாதங்களை முன்னால் இழுத்துச் செல்கிறது. நம் உடலின் மேற்பகுதியோ சடத்துவத்தால் இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. கால் முன்னே போய்விட, தலை பின்தங்குகிறது. அலமாரிக்கும் இதுவே நிகழ்கிறது. லோரியின் தட்டு, உராய்வின் மூலம், அலமாரியின் அடியைப் பிடித்து முன்னால் இழுக்கிறது. இழுப்பு அடியில், கனமோ மேலே. அதனால் அலமாரி பின்பக்கம் சாயப் பார்க்கிறது. பிரேக் போடும்போது இதே செயல் தலைகீழாக நடக்கும். அலமாரி முன்பக்கம் சாயப் பார்க்கும்.

சாய விடாமல் தடுப்பது எது? அலமாரியின் எடைதான். எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். அப்புள்ளியை ஈர்ப்பு மையம் என்பர். அலமாரி பின்பக்கம் சாய வேண்டுமானால் அதன் பின்புற அடிவிளிம்பை அச்சாகக் கொண்டுதான் சாய முடியும். ஈர்ப்பு மையம் அவ்விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே தள்ளியிருக்கிறதோ, அவ்வளவுக்கு எடை அலமாரியை நிமிர்ந்து நிற்கச் செய்யும். ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு முடுக்கம் அலமாரியைச் சாய்க்கும். இவ்விரண்டுக்கும் இடையே நடக்கும் இழுபறியே நம் கணக்கு.

இங்கே முடுக்கம் என்ற சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். முடுக்கம் வேறு, வேகம் வேறு. ஒவ்வொரு விநாடியும் வேகம் எவ்வளவு கூடுகிறது என்பதே முடுக்கம். நின்ற நிலையிலிருந்து புறப்படும் லோரி 8 விநாடியில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தை, அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தை, அடைந்தால் ஒவ்வொரு விநாடியும் அதன் வேகம் 1.25 மீட்டர் கூடியிருக்கிறது. ஆகவே அதன் முடுக்கம் 1.25. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் நேரான சாலையில் ஒரே சீராக ஓடும் லோரியின் முடுக்கம் சுழியம். அதில் அலமாரி ஆடாமல் நிற்கும். எடுக்கும்போதும், நிறுத்தும்போதும், திரும்பும்போதுமே ஆபத்து.

தூக்குக்குண்டு சொல்லும் உண்மை

கணக்குக்கு முன் ஒரு காட்சியை மனத்தில் வரைந்து கொள்ளுங்கள். கொத்தனார் சுவர் நேராயிருக்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு வைத்திருப்பார். அதைப்போல ஒரு நூலில் கல்லைக் கட்டி லோரிக்குள் தொங்கவிடுவோம். லோரி நிற்கும்போது நூல் நேர்கீழாகத் தொங்கும். லோரி முடுக்கத்துடன் முன்னேறும்போது நூல் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். முடுக்கம் மிக மிகச் சாய்வும் மிகும். புவியீர்ப்பினால் விழும் பொருளின் முடுக்கம் 9.8, கணக்கு எளிதாயிருக்க 10 எனக் கொள்வோம். லோரியின் முடுக்கம் 2 ஆனால், நூல் 10 பங்கு கீழே இறங்கும்போது 2 பங்கு பின்னே சாய்ந்திருக்கும்.

இப்போது அந்த நூலை அலமாரியின் ஈர்ப்பு மையத்திலிருந்து தொங்கவிட்டதாக எண்ணிக் கொள்ளுங்கள். நூலின் கோடு அலமாரியின் அடிக்குள் விழும்வரை அலமாரி நிற்கும். கோடு பின்விளிம்பைத் தொடும்போது அலமாரி எல்லையில் நிற்கிறது. அதையும் தாண்டினால் முன்புற அடி எழும்பத் தொடங்கும். இவ்வளவுதான் விதி. இதைக் கணக்காக எழுதினால் வருவது:

முடுக்கத்தின் எல்லை = 10 × (விளிம்பிலிருந்து ஈர்ப்பு மையம் உள்ளே இருக்கும் தூரம்) ÷ (ஈர்ப்பு மையத்தின் உயரம்)

இவ்விதியை லோரிக்காக யாரும் முதலில் தேடவில்லை. 1876ஆம் ஆண்டில் ஜப்பானுக்குச் சென்று தோக்கியோவில் பேராசிரியராகப் பணியாற்றிய ஜான் மில்ன் என்னும் ஆங்கிலேயர் நிலநடுக்கத்தை ஆராய்ந்தார். அக்காலத்தில் நிலத்தின் ஆட்டத்தை நன்கு அளக்கும் கருவிகள் அரிதாயிருந்தன. ஜப்பானியக் கல்லறைகளிலோ உயரமான சதுரக் கற்கள் நிறுத்தப்பட்டிருந்தன. எந்தக் கல் விழுந்தது, எது நின்றது என்று பார்த்து, அவற்றின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, நிலம் எவ்வளவு முடுக்கத்துடன் ஆடியது என்று மதிப்பிட்டனர். அதற்கு அவர்கள் கையாண்ட சூத்திரம் மில்னின் உடனாசிரியர் வெஸ்ட் என்பவர் பெயரால் வழங்குகிறது. அது மேலே சொன்ன விதியேதான். அங்கே ஆடியது நிலம். இங்கே ஓடுவது லோரி. கல்லுக்கும் அலமாரிக்கும் அந்த வேறுபாடு தெரியாது.

நம் அலமாரியின் கணக்கு

நம் அலமாரியின் உயரம் 180 செ.மீ.; முகப்பின் நீளம் 90 செ.மீ.; ஆழம் 45 செ.மீ. கதவு லோரியின் பின்பக்கத்தைப் பார்க்குமாறு அதை நிறுத்தினோம். ஆகவே லோரி ஓடும் திசையில் அதன் அடி 45 செ.மீ. மட்டுமே. அதில் பாதி 22.5 செ.மீ.

முதலில் அலமாரி காலியாக இருப்பதாகக் கொள்வோம். ஈர்ப்பு மையம் நடுவில், அதாவது 90 செ.மீ. உயரத்தில் இருக்கும். எல்லை 10 × 22.5 ÷ 90. விடை 2.5.

இதில் எடை எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கனமான பொருளைச் சாய்க்கக் கூடுதல் விசை வேண்டும் என்பது மெய்யே. ஆனால் கனமான பொருளை லோரியோடு சேர்த்து முன்னே இழுத்துச் செல்லவும் அதே அளவு கூடுதல் விசை வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடுகின்றன. 60 கிலோ அலமாரியும் 600 கிலோ அலமாரியும் ஒரே வடிவத்தில் இருந்தால் ஒரே முடுக்கத்தில்தான் சாயும். "இத்தனை கனமான பொருள் எங்கே விழப் போகிறது?" என்று நாங்கள் சொன்னது பிழை.

இனிப் புத்தகங்களைச் சேர்ப்போம். அலமாரியின் எடை 60 கிலோ. புத்தகங்களும் 60 கிலோ. புத்தகங்களை நாங்கள் மேல்தட்டுகளில், சராசரியாக 135 செ.மீ. உயரத்தில் வைத்தோம். இரண்டும் சம எடையாதலால் மொத்தத்தின் ஈர்ப்பு மையம் 90க்கும் 135க்கும் நடுவே, 112.5 செ.மீ. உயரத்தில் அமையும். எல்லை 10 × 22.5 ÷ 112.5. விடை 2. காலி அலமாரியைவிடப் புத்தகம் நிறைந்த அலமாரியே எளிதில் சாயும் நிலைக்கு வந்துவிட்டது. புத்தகம் நனையாமலிருக்க நாங்கள் செய்த உபாயம் இந்த வேலையைச் செய்தது.

ஆயினும் லோரியின் முடுக்கம் 1.25தானே? எல்லையோ 2. அதனால்தான் திடலில் அலமாரி அசையவில்லை. மேட்டில் கதை வேறு.

அந்த மேடு பத்தடி சென்றால் ஓரடி உயரும் மேடு. லோரி அங்கே வெறுமனே நின்றாலே தட்டு பின்பக்கம் சாய்ந்திருக்கும். ஈர்ப்பு மையத்திலிருந்து தொங்கும் நூல், லோரி ஓடாமலேயே, பின்விளிம்பை நோக்கிப் பாதித் தூரம் வந்துவிட்டது. 112.5 செ.மீ. உயரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 11 செ.மீ. அல்லவா? இருந்த 22.5 செ.மீ. இடத்தில் 11 செ.மீ. மேடே தின்றுவிட்டது. மீதியிருக்கும் இடத்துக்கு லோரி பெறக்கூடிய முடுக்கம் ஏறத்தாழ 1 மட்டுமே. ஓட்டுநர் எப்போதும்போல் 1.25 முடுக்கத்தில் எடுத்தாலும் எல்லை கடந்துவிடும். மேட்டில் பின்னோக்கி உருளாமலிருக்க கிளச்சை விடும்போது உண்டாகும் குலுக்கல் அதற்கும் மேல்.

"அண்ணே, உங்கள் ஓட்டத்தில் குற்றமில்லை, நாங்கள் அடுக்கியதில்தான் குற்றம்" என்று அவரிடம் சொன்னோம்.

எழும்பினால் விழுந்தே தீருமா?

எல்லையைத் தாண்டியவுடன் அலமாரி விழுந்துவிடும் என்பதில்லை. முதலில் முன்புற அடி எழும்பும். முடுக்கம் ஒரு கணம் மட்டுமே நீடித்தால் அலமாரி திரும்பவும் தட்டில் அமர்ந்து "டக்" என்று ஒலிக்கும். முடுக்கம் நீடித்தால் சாய்வு வளரும். சாயச் சாய ஈர்ப்பு மையம் பின்விளிம்பை நெருங்குவதால், மேலும் சாய்க்கத் தேவையான முடுக்கம் குறைந்துகொண்டே வரும். ஆகவே எழும்பத் தொடங்கிய அலமாரியை வண்டியின் முடுக்கத்தைச் சற்றுக் குறைத்து மட்டும் காப்பாற்ற முடியாது. முடுக்கத்தை உடனே அறவே நிறுத்த வேண்டும்.

நம் அலமாரி முற்றிலும் கவிழ, அதன் ஈர்ப்பு மையம் பின்விளிம்புக்கு நேர்மேலே வரவேண்டும். அதற்கு ஈர்ப்பு மையம் எழும்ப வேண்டிய உயரம் எவ்வளவு தெரியுமா? சமதரையிலேயே 2 செ.மீ.க்குச் சற்று அதிகம். ஆறடி உயர அலமாரிக்கும் கவிழ்ச்சிக்கும் இடையே இரண்டு விரற்கடை அகலம்கூட இல்லை.

எல்லை நெருங்குகிறதா என்பதை முன்கூட்டியே அறிய ஓர் எளிய வழியுண்டு. அலமாரியின் முன்புற அடியின்கீழ் ஒரு காகிதத் துண்டைச் செருகி, சமதரையில் வண்டியை மெல்ல எடுக்கச் சொல்லுங்கள். தட்டில் யாரும் இருக்கலாகாது. பின்னர்ப் பாருங்கள். காகிதம் இடம் விலகியிருந்தாலோ காற்றில் பறந்து போயிருந்தாலோ அடி எழும்பியிருக்கிறது என்று பொருள். "டக்" என்னும் ஒலி கேட்பதும் அதே எச்சரிக்கைதான். அந்த ஒலி கேட்ட பின்னும் கயிறு கட்டாமல் புறப்படுவது அறியாமை.

வழுக்குமா, சாயுமா?

மற்றொன்றும் உண்டு. அலமாரி சாய்வதற்குத் தட்டு அதன் அடியை உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும். தட்டு வழவழப்பாயிருந்தால், சாயும் முன்பே அலமாரி வழுக்கிவிடும். எது முதலில் நிகழும் என்பதை உராய்வு முடிவு செய்கிறது. காலி அலமாரி சாயும் எல்லை 2.5, அதாவது எடையில் நான்கில் ஒரு பங்கு இழுவிசை. தட்டின் உராய்வு எடையில் நான்கில் ஒரு பங்குகூடத் தராவிட்டால் அலமாரி வழுக்கும். அதற்கு மேல் தந்தால் சாயும்.

மாணவர்கள் இதனை வகுப்பறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பலகையும், 12 செ.மீ. உயரமும் 4 செ.மீ. அகலமும் உள்ள ஒரு மரக்கட்டையும் போதும். கட்டையைப் பலகையில் நிமிர்த்தி வைத்துப் பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். தரைவழியே 60 செ.மீ. தூரத்துக்குப் பலகை 20 செ.மீ. உயர்ந்ததும், அதாவது மூன்றுக்கு ஒன்று என்றானதும், கட்டை கவிழும். 12க்கு 4 என்பதும் மூன்றுக்கு ஒன்றுதானே! சாய்ந்த பலகையில் நிற்கும் கட்டையும், முடுக்கத்துடன் ஓடும் லோரியில் நிற்கும் கட்டையும் ஒன்றே. மூன்றுக்கு ஒன்று என்ற சரிவு, 10இல் மூன்றில் ஒரு பங்கு முடுக்கத்துக்கு, அதாவது ஏறத்தாழ 3.3க்குச் சமம். பின்பு பலகையில் முகப்பவுடரைத் தூவி மீண்டும் செய்து பாருங்கள். கட்டை கவிழாமல் வழுக்கிக் கீழே வந்தால், பலகையின் உராய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்துவிட்டது என்று அறியலாம்.

வழுக்குவது நல்லதுதானே என்று எண்ணி விடாதீர்கள். வழுக்கிச் செல்லும் அலமாரியின் அடி பலகை இடுக்கிலோ ஆணித்தலையிலோ தட்டினால் அங்கேயே கவிழும். சிலர் அலமாரி நகராமலிருக்க அதன் காலடியில் மட்டும் கட்டையை ஆணியடித்து வைப்பார்கள். இது வழுக்குவதைத் தடுக்கும், சாய்வதைத் தடுக்காது. முன்பு வழுக்கியிருக்கக்கூடிய அலமாரி இப்போது நிச்சயமாகச் சாயும். அடியைக் கட்டினால் போதாது; தலையையும் கட்ட வேண்டும்.

எப்படி ஏற்ற வேண்டும்?

புறப்படும் முடுக்கத்தைவிட பிரேக் கொடியது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லோரி, மாடு குறுக்கே வந்ததென்று 2 விநாடியில் நின்றால், முடுக்கம் 5. நம் அலமாரியின் எல்லையோ 2. வளைவில் திரும்புவதும் அப்படியே. அதே வேகத்தில் 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பினால் பக்கவாட்டில் 5 அளவு முடுக்கம் உண்டாகும். 2014ஆம் ஆண்டில் அனைத்துலகக் கடல்சார் அமைப்பு, அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு, ஐரோப்பாவுக்கான ஐ.நா. பொருளாதார ஆணையம் ஆகிய மூன்றும் இணைந்து ஏற்ற சரக்கேற்ற நெறிமுறை, சாலைப் போக்குவரத்துக்கு முன்பக்கம் ஏறத்தாழ 8, பின்பக்கமும் பக்கவாட்டிலும் ஏறத்தாழ 5 என்ற முடுக்கங்களைச் சரக்கு தாங்க வேண்டும் என்று கூறுகிறது. கயிறின்றி நிற்கும் ஆறடி அலமாரி எதனையும் தாங்காது.

ஆகவே முதல் வழி, அலமாரியைப் படுக்க வைப்பது. முதுகின்மேல் படுத்த அலமாரியின் உயரம் 45 செ.மீ.; அடியோ 180 செ.மீ. நீளமும் 90 செ.மீ. அகலமும் உடையது. அதைச் சாய்க்கப் பக்கவாட்டில் 20 முடுக்கம் வேண்டும். எந்த லோரியும் அதைத் தராது. வழுக்காமல் கட்டினால் போதும்.

கண்ணாடிக் கதவு முதலிய காரணங்களால் படுக்க வைக்க இயலாதபோது, புத்தகங்களை இறக்கித் தனியே ஏற்றலாம். அல்லது கீழ்த்தட்டுகளில் அடுக்கலாம். 60 கிலோ புத்தகமும் சராசரியாக 30 செ.மீ. உயரத்தில் இருந்தால் மொத்த ஈர்ப்பு மையம் 60 செ.மீ.க்கு இறங்கிவிடும். எல்லை 2இலிருந்து 3.75க்கு உயரும். புத்தகம் நனையாமலிருக்க அடியில் தார்ப்பாய் விரித்தால் போதும். மேலே அடுக்க வேண்டியதில்லை.

பின்னர், அலமாரியின் முதுகை லோரியின் முன்தட்டியோடு ஒட்டி நிறுத்த வேண்டும். பிரேக் போடும்போது முன்தட்டி அதைத் தாங்கிக் கொள்ளும். தட்டி ஈர்ப்பு மையத்தைவிட உயரமாயிருத்தல் வேண்டும். 90 செ.மீ. நீளமுள்ள முகப்பு லோரியின் குறுக்காக அமைவதால் வளைவிலும் உறுதி கிடைக்கும். புறப்படும்போது பின்பக்கம் சாய்வதைக் கயிறு தடுக்க வேண்டும். அக்கயிற்றை அலமாரியின் தலைப்பகுதியில் கட்டவேண்டும். எதற்காக? 5 முடுக்கத்தில் 120 கிலோ அலமாரி சாயாமலிருக்க, புத்தகங்கள் கீழே இருந்தால், உச்சியில் கட்டிய கயிறு ஏறத்தாழ 5 கிலோ எடைக்குச் சமமாக இழுத்தால் போதும். அதே கயிற்றை அலமாரியின் நடுவில் கட்டினால் 10 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். புத்தகங்கள் மேலே இருந்தாலோ உச்சியில் கட்டிய கயிறுகூட 22 கிலோவுக்குமேல் இழுக்க வேண்டும். இவை சீரான இழுப்புக்கான அளவுகள். தளர்ந்த கயிறு வெடுக்கென்று இறுகும்போது இதைவிடப் பன்மடங்கு சுமை வரும். ஆகவே கயிறு தடித்ததாகவும் தளர்வின்றியும் இருக்க வேண்டும்.

ஆயர் ஈத்தாம் வழியாகச் செல்வோர் அவ்வூர்ச் சாலையோரக் கடைகளில் ஆளுயரப் பூச்சாடிகளைக் கண்டிருப்பீர்கள். அடி சிறுத்து வயிறு பெருத்த அச்சாடிகளின் ஈர்ப்பு மையம் உயரத்தில் இருக்கிறது, அடியோ குறுகியது. அவற்றை நிமிர்த்தி ஏற்றினால் என்ன ஆகும் என்பதை இக்கட்டுரையைப் படித்த மாணவர்களே இனிக் கணக்கிட்டுச் சொல்லலாம்.

இறுதியாக ஒன்று. லோரியின் தட்டில் நிற்கும் மனிதனும் உயரமான பெட்டியே. அவனுடைய ஈர்ப்பு மையம் ஏறத்தாழ இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது. அடியோ பாதத்தின் நீளம் மட்டுமே. அலமாரியைவிட அவன் எளிதில் சாய்வான். கால்களை அகற்றி வைத்தும் பிடியைப் பற்றியும் அவன் தப்பிக்கிறான். அலமாரிக்குக் காலை அகற்றத் தெரியாது. ஆதலின் சரக்கு ஏற்றிய லோரியின் தட்டில், நிமிர்ந்து நிற்கும் பொருளுக்குப் பின்னால் யாரும் அமரலாகாது.

அன்று மாலை அலமாரியைப் படுக்க வைத்து, புத்தகங்களைத் தனியே கட்டி, மீண்டும் ஏற்றினோம். காலை இழுத்துக் கொண்டு பிழைத்தவர், இம்முறை ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். அதே மேட்டில் லோரி நின்று புறப்பட்டது. அலமாரி அசையவில்லை. கதவில் ஏற்பட்ட நெளிவு மட்டும் இன்றும் இருக்கிறது. புதிய பள்ளியின் நூலகத்திற்கு வரும் மாணவர்கள் அதைத் தொட்டுப் பார்த்து "இது எப்படி வந்தது?" என்று கேட்கிறார்கள். நாங்கள் ஒரு பலகையையும் ஒரு மரக்கட்டையையும் எடுத்து வரச் சொல்கிறோம்.